அதே பதவி, இரு மடங்குப் பயணம்: ரெக்ரூட்டரிடம் எப்படி மறுப்பது?

ரெக்ரூட்டர் ஒருவர் அழைக்கிறார். கம்பெனி நல்ல கம்பெனி, சம்பளமும் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் பதவி நீங்கள் ஏற்கெனவே நிற்கும் அதே படியில் இருக்கிறது, அலுவலகமோ ஊரின் மறுகோடியில். வேண்டாம் என்று முடிவெடுக்க அதிக நேரம் ஆவதில்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் பலருக்குக் கை நின்றுவிடுகிறது.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பதில் போடாமல் விட்டுவிடலாம். "இப்போதைக்கு ஆர்வம் இல்லை" என்று ஒரு வரி அனுப்பலாம். காரணத்தையும், எப்படிப்பட்ட வேலை என்றால் யோசிப்பீர்கள் என்பதையும் சொல்லி மறுக்கலாம். அல்லது "இன்னின்ன மாற்றினால் வருகிறேன்" என்று நிபந்தனை வைக்கலாம். நமக்கு நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். மறுமுனையில் இருப்பவருக்கு இவை நான்கு வெவ்வேறு செய்திகள்.

மறுப்பதற்கு முன் ஒரு கணக்கு

எந்த வழியில் மறுத்தாலும், காரணம் உங்களுக்கே தெளிவாக இருக்க வேண்டும். "தூரம் அதிகம்" என்பது எளிதில் கலைந்துபோகும் காரணம். ரெக்ரூட்டர் "வாரம் மூன்று நாள்தானே சார்" என்றால் தடுமாறிவிடுவோம். எண்ணாக வைத்திருந்தால் அது நடக்காது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இப்போது வீட்டு வாசலிலிருந்து அலுவலக மேசைவரை 35 நிமிடம், புதிய இடத்துக்கு 75 நிமிடம். இரண்டு இடத்திலும் வாரத்தில் 3 நாள் நேரில் போக வேண்டும், வேலை நேரம் வாரம் 40 மணி. இப்போதைய பயணம் வாரத்துக்கு மூன்றரை மணி நேரம், புதியது ஏழரை. வேலையையும் பயணத்தையும் சேர்த்தால் 43.5 மணி நேரம் 47.5 ஆகிறது, அதாவது வேலைக்காகச் செலவாகும் நேரம் 9.2 சதவீதம் கூடுகிறது. சம்பளம் 6 சதவீதம் கூடுகிறது என்றால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைப்பது ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. வரியும் பயணச் செலவும் இன்னும் இதில் சேரவில்லை. ஆண்டுக்கு 46 வாரம் வேலை என்று வைத்தால் கூடுதல் பயணம் மட்டும் 184 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் 23 நாள்.

நேரத்தை அளக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை மேப்பைத் திறந்து, அது காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். வேலைநாள் ஒன்றைத் தேர்ந்து, அலுவலகம் போய்ச்சேர வேண்டிய நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள், பெரும்பாலும் காலையும் மாலையும் ஒன்றாக இருப்பதில்லை. வண்டி நிறுத்துவது, நிலையத்திலிருந்து நடப்பது, மின்தூக்கிக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேரட்டும்.

"அதே படி" என்பதையும் சரிபார்க்க வேண்டும். பதவிப் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் வேலை ஒன்றாகிவிடாது. ரெக்ரூட்டரிடம் மூன்று கேள்விகள் போதும்: இந்தப் பதவி யாருக்கு ரிப்போர்ட் செய்கிறது, இதன்கீழ் எத்தனை பேர், எந்த முடிவை மேலே கேட்காமல் எடுக்கலாம். உங்கள் மேனேஜரின் மேனேஜருக்கு இணையானவருக்கு அது நேரடியாக ரிப்போர்ட் செய்கிறது என்றால், பெயர் எதுவானாலும் அது ஏற்றம். அப்போது பயணக் கணக்கையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்றுக்கும் பதில் இப்போது இருப்பது மாதிரியே வந்தால், மறுப்பதில் தயக்கம் தேவையில்லை.

உங்கள் பதில் எங்கே போய்ச் சேருகிறது

ரெக்ரூட்டர்கள் வேட்பாளர்களின் விவரங்களை ஒரு மென்பொருளில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மறுத்தால், அவர் பெயருக்கு எதிரே காரணம் குறிக்கப்படும்: சம்பளம், இடம், பதவி நிலை, வேலை மாறும் எண்ணம் இல்லை, பதில் இல்லை. அடுத்த வேலை வரும்போது முதலில் தேடப்படுவது இந்தப் பட்டியல்தான். ஆகவே நீங்கள் எழுதும் மறுப்பு, உங்களைப் பற்றிய குறிப்பாக அங்கே தங்கிவிடுகிறது. நான்கு வழிகளையும் ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. மறுத்த பிறகு உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கும் என்று பாருங்கள்.

பதில் போடாமல் விட்டால், "பதில் இல்லை". நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பியவருக்கு இதனால் வருத்தம் எதுவும் இல்லை, உங்களுக்கும் பெரிய நட்டமில்லை. உங்கள் துறைக்கே சம்பந்தமில்லாத வேலைக்கு வரும் செய்திகளை இப்படி விடலாம். ஆனால் உங்கள் ரெஸ்யூமைப் படித்து, உங்களுக்காக ஒரு வரியாவது எழுதியவரிடம் மௌனம் காப்பது சரியல்ல. ஒருமுறை போனில் பேசிய பிறகு மௌனமாவது இன்னும் மோசம். அவர் உங்கள் பெயரை அந்தக் கம்பெனியின் மேனேஜரிடம் சொல்லியிருப்பார், இப்போது ரெக்ரூட்டர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லிங்க்ட்இன் இன்மெயிலில் வந்த செய்தி என்றால் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்கட்டும்: இன்மெயில் அனுப்ப ரெக்ரூட்டருக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. பெறுபவர் 90 நாளுக்குள் பதில் கொடுத்தால், "வேண்டாம்" என்று மறுத்தாலும், செலவான அந்த ஒன்று அவர் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும். ஆக, ஒரு வரி மறுப்புகூட அவருக்கு உண்மையான உதவி.

ஒரு வரியில் "இப்போதைக்கு ஆர்வம் இல்லை" என்றால், குறிப்பு "வேலை மாறும் எண்ணம் இல்லை" என்றாகிவிடும். பண்பான பதில்தான். முதல் செய்தி நிலையில் பலருக்கு இதுவே போதும். சிக்கல், அது உண்மையில்லாதபோது வருகிறது. உங்களுக்கு மாற எண்ணம் இருக்கிறது, இந்த வேலைக்குத்தான் இல்லை. ஒரு படி மேலான வேலை, 40 நிமிடத் தூரத்தில், அடுத்த மாதம் அதே ரெக்ரூட்டர் கைக்கு வரலாம். "எண்ணம் இல்லை" என்ற குறிப்பைப் பார்த்துவிட்டு அவர் உங்களைத் தாண்டிப் போவார். "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அதை நேரம் சம்பந்தப்பட்ட தடையாக எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே மாதிரி வேலையோடு திரும்ப அழைப்பார்கள். தவறு அவர்களுடையதல்ல, நாம் சொன்னது அப்படித்தான் பொருள்படுகிறது.

காரணம் சொல்லி மறுப்பது

இந்தச் சூழ்நிலைக்குப் பொருத்தமானது மூன்றாவது வழி என்பதே எங்கள் கருத்து. ஆனால் காரணங்களைச் சொல்லும் முறையில் கவனம் வேண்டும்.

முதலாவது, இரண்டு காரணத்தையும் சொல்லுங்கள், பதவி நிலையை முதலில் வைத்து. பெரும்பாலோர் தூரத்தை மட்டும் சொல்கிறார்கள். படிநிலையைப் பற்றிப் பேசினால் கர்வமாகத் தெரியுமோ என்ற கூச்சம். ஆனால் தூரத்தை மட்டும் சொன்னால், அதைத் தீர்த்துவைப்பதுதான் ரெக்ரூட்டரின் வேலை. இரண்டு நாள் கழித்து அழைத்து, "மேனேஜரிடம் பேசிவிட்டேன், வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்கிறார்" என்பார். உங்களுக்காக ஒருவர் பரிந்துபேசி, சலுகை வாங்கித் தந்த பிறகு, "உண்மையில் பதவியும் அதேதான்..." என்று இழுத்தால், முதலில் சொன்னது சாக்கு என்று அவருக்குத் தோன்றும். நல்லெண்ணம் உடைவது இந்த இடத்தில்தான், முதல் மறுப்பில் அல்ல. தூரம் இல்லாவிட்டாலும் நீங்கள் போகமாட்டீர்கள் என்றால், தூரம் உங்கள் முதல் காரணம் இல்லை.

சம்பளத்தைச் சாக்காகச் சொல்வதும் இதே குழியில்தான் கொண்டுபோய் விடும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது அவர்களுக்கு மிக எளிதான விஷயம்.

இரண்டாவது, குறையாகச் சொல்லாமல் அளவாகச் சொல்லுங்கள். "உங்கள் அலுவலகம் ரொம்பத் தூரம்" என்பது குறை. "ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்குள் இருக்கும் இடங்களைத்தான் பார்க்கிறேன், இது 75 ஆகிறது" என்பது அளவு. "இது எனக்கு முன்னேற்றமாகத் தெரியவில்லை" என்றால் கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். "இப்போது ஆறு பேர் குழுவை நடத்துகிறேன். அடுத்த மாற்றம் பல குழுக்களுக்குப் பொறுப்பான பதவியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்" என்றால் அவர் அதை அப்படியே குறித்துக்கொள்ளலாம். அளவுகளைத் தேடலாம், குறைகளைத் தேட முடியாது.

மூன்றாவது, நீங்கள் எழுதுவது அப்படியே அந்த மேனேஜருக்கு அனுப்பப்படும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். பல சமயம் அனுப்பவும் படுகிறது. கம்பெனியைப் பற்றிக் கேள்விப்பட்டது, இப்போதைய அலுவலகத்தில் வரப்போகும் பதவி உயர்வு, இப்போதைய சம்பளம் இவை எதுவும் அதில் வேண்டாம்.

மாதிரி ஒன்று:

> வணக்கம். இந்த வேலைக்கு என்னை நினைத்ததற்கும், குழு அமைப்பைப் பற்றி நான் கேட்டவற்றை விசாரித்துச் சொன்னதற்கும் நன்றி. யோசித்துப் பார்த்தேன், இதற்கு என் பெயரை அனுப்ப வேண்டாம். பொறுப்பின் அளவு நான் இப்போது செய்வதற்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறது. அடுத்த மாற்றம் ஒரு படி மேலே, ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களை நடத்தும் பதவியாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். அதோடு பயணமும் ஒரு வழிக்கு 35 நிமிடத்திலிருந்து 75 நிமிடமாகிறது, வாரம் மூன்று நாள் அது எனக்குச் சரிவராது. மேலே சொன்ன அளவிலான பதவி, 45 நிமிடத்துக்குள் அல்லது பெரும்பாலும் வீட்டிலிருந்து செய்வதாக வந்தால், கட்டாயம் சொல்லுங்கள், பேசலாம்.

இதில் மறுப்பு மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. "என் பெயரை அனுப்ப வேண்டாம்" என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. "கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தால், அதைச் சம்மதிக்கவைக்கக் கிடைத்த இடைவெளியாகத்தான் படிப்பார்கள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் எந்த வாக்கையும் மீறவில்லை, மன்னிப்புக் கேட்டால் மீறியதுபோலத் தோன்றும். நன்றி சொல்லும் இடத்தில் அவர் உண்மையிலேயே செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டால் போதும். கடைசி வரியின் வாக்குறுதி உண்மையாக இருக்கட்டும். பேசும் எண்ணம் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ரெக்ரூட்டர் யார் என்பதைப் பொறுத்துக் கடைசி வரி மாறலாம். ஏஜென்சிக்காரருக்குப் பல கம்பெனிகள் உண்டு. வேட்பாளர் வேலையில் சேர்ந்தால்தான் அவர்களில் பலருக்குக் கட்டணமே கிடைக்கும். அதனால் அவருக்கு உங்கள் அளவுகள்தான் தேவை. கம்பெனியின் சொந்த ரெக்ரூட்டருக்கோ அலுவலகம் மாறப்போவதில்லை. அவரிடம் 45 நிமிடம் என்பதைவிட, "உங்கள் கம்பெனியில் அடுத்த நிலைப் பதவி வீட்டிலிருந்து செய்யும்படி திறந்தால் ஆர்வம் உண்டு" என்பது பயன்படும்.

நிபந்தனை எப்போது சரி

நான்காவது வழி மறுப்பே அல்ல, அது பேரத்தின் தொடக்கம். "பதவியை ஒரு நிலை உயர்த்தி, வாரம் ஒரு நாள் மட்டும் நேரில் வரச்சொன்னால் பேசலாம்" என்று சொல்லிவிட்டால், அவர்கள் இரண்டையும் கொடுத்தால் நீங்கள் போக வேண்டும், குறைந்தபட்சம் மனதாரப் பேச வேண்டும். ஆகவே நிபந்தனை வைக்கும் முன் ஒரே சோதனை: அது நாளைக்கே நிறைவேறினால் இன்டர்வியூவுக்குப் போவேனா? தயக்கம் வந்தால் மூன்றாவது வழிக்குத் திரும்புங்கள்.

இரண்டு நிபந்தனையும் ஒரே மாதிரியானவை அல்ல. வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருவது என்பதை மேனேஜரே பல இடங்களில் தளர்த்த முடியும். மேலே போட்ட கணக்கில் 3 நாளை 1 நாளாக்கினால் புதிய பயணம் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான், இப்போதைய மூன்றரையைவிடக் குறைவு. பயணத் தடை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சலுகை ஆஃபர் கடிதத்தில் எழுத்தில் வர வேண்டும். வாய்ச் சொல்லாக இருந்தால் மேனேஜர் மாறும்போது அதுவும் போய்விடும். படிநிலை அப்படியில்லை. அது கம்பெனியின் சம்பள அடுக்கோடும் மற்றவர்களின் பதவிகளோடும் கட்டுண்டது, அந்த ஒரு பதவிக்காக எளிதில் மாற்றமாட்டார்கள். பெயரை மட்டும் உயர்த்திக் கொடுப்பார்கள், பொறுப்பு அப்படியே இருக்கும். முன்பு கேட்ட அதே மூன்று கேள்விகளைத் திரும்பக் கேட்டால் இது வெளிப்படும். ஆக, உங்களுக்குத் தடை முக்கியமாகப் பயணம் என்றால் நிபந்தனை வையுங்கள். படிநிலை என்றால், பெரும்பாலும் அது இருவருக்கும் நேர விரயம்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்

உங்கள் ரெஸ்யூம் கம்பெனிக்குப் போனதா இல்லையா என்பதுதான் பெரிய கோடு. போகும் முன் மறுத்தால் செலவு யாருக்கும் இல்லை, எழுத்தில் ஒரு பதில் போதும். ஏஜென்சி வழியாகப் போயிருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அந்தக் கம்பெனியில் உங்களை அறிமுகப்படுத்திய உரிமை பொதுவாக அந்த ஏஜென்சிக்கு இருக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டு என்று ஒப்பந்தங்களில் வைப்பது வழக்கம். இப்போது மறுத்துவிட்டு, நான்கு மாதம் கழித்து வேறு ஏஜென்சி மூலம் அதே கம்பெனிக்குப் போனால், கட்டணம் யாருக்கு என்ற தகராறில் உங்கள் பெயர் மாட்டிக்கொள்ளும். எனவே மறுக்கும்போது "என் ரெஸ்யூமைத் திரும்பப் பெற்றுவிட்டதாக உறுதிசெய்யுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பின்னால் அங்கே வேறு பதவிக்கு ஆர்வம் வந்தால் இவரிடமே முதலில் பேசுங்கள்.

இன்டர்வியூ ஒன்று முடிந்துவிட்டால் எழுதுவதற்கு முன் அழைப்பதுதான் மரியாதை. அழைப்பை நீட்ட வேண்டாம். நலம் விசாரித்துவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வாருங்கள்: "இந்த வேலையைத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், நேரடியாகச் சொல்லிவிடலாம் என்று அழைத்தேன்." அவர் "பயணத்தைக் குறைத்தால்?" என்று கேட்பார். "அது மட்டும் மாறினால் போதாது, பதவி நிலையும் சேர்ந்து மாறினால்தான் எனக்குப் பொருள்" என்பதே பதில். அதையே இரண்டாம் முறையும் சொல்லலாம், புதுக் காரணம் தேட வேண்டாம். ஒவ்வொரு புதுக் காரணமும் ஒரு புதுப் பேச்சுவார்த்தை. முடிந்ததும் அதே நாளில் இரண்டு மூன்று வரியில் எழுத்தில் அனுப்புங்கள், அவர் தன் பக்கம் காட்ட அது தேவைப்படும்.

ஆஃபர் வந்த பிறகு இதே இரண்டு காரணத்துக்காக மறுப்பதுதான் மிகக் கடினம். இரண்டும் முதல் நாளே தெரிந்தவை, "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வி நியாயமானது. அந்த நிலையில் நடந்ததை அப்படியே சொல்வதுதான் வழி: இன்டர்வியூவுக்குப் போனபோது பயணம் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது, மேனேஜருடன் பேசிய பிறகுதான் பொறுப்பின் அளவு தெரிந்தது. அது உண்மையாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஆஃபரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இழுக்காமல், முடிவெடுத்த நாளிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாம் இடத்தில் இருக்கும் வேட்பாளரை அவர்கள் இன்னும் இழக்காமல் இருக்கலாம்.

வேறொருவரைக் கைகாட்டுவது

மறுப்போடு சேர்த்து ஒரு பெயரைக் கொடுப்பது எல்லா வழிகளோடும் ஒட்டும், ரெக்ரூட்டர் நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பதும் அதைத்தான். யாரைக் கைகாட்டுவது என்பதற்கு உங்கள் இரண்டு காரணங்களே வழிகாட்டி. உங்களுக்கு அதே படியாக இருப்பது, ஒரு படி கீழே இருப்பவருக்கு ஏற்றம். உங்களுக்கு 75 நிமிடமாக இருப்பது, அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு 15 நிமிடமாக இருக்கலாம். முன்பு உடன் வேலை செய்தவர்களில் இரண்டும் பொருந்தும் ஒருவரைத் தேடுங்கள். இப்போதைய அலுவலகத்தில் உங்கள் குழுவைச் சேர்ந்தவரைக் கொடுப்பது வேறு சிக்கல்களைக் கொண்டுவரும், தவிர்ப்பது நல்லது.

பெயரைக் கொடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் வேலை தேடுவது அவருடைய மேனேஜருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேட்க நேரமில்லை என்றால் எதிர்த்திசையில் செய்யுங்கள்: ரெக்ரூட்டரின் தொடர்பை நண்பருக்கு அனுப்பி, விரும்பினால் அவரே பேசட்டும் என்று விட்டுவிடுங்கள். ரெக்ரூட்டரிடம் "ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், ஆர்வம் இருந்தால் அழைப்பார்" என்றால் போதும். யாரும் நினைவுக்கு வரவில்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். பொருந்தாத ஒரு பெயரைக் கொடுத்து அவருக்கு அரை மணி நேரம் வீணாக்குவதைவிட அது மேல்.

மறுப்பை அனுப்பிய அன்றே இன்னொரு சிறு வேலை இருக்கிறது. லிங்க்ட்இனில் Open to work அமைப்பை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்தால், அதில் பதவிப் பெயர், இடம், நேரிலா ஹைபிரிடா வீட்டிலிருந்தா என்பதெல்லாம் நீங்கள் மறுப்பில் எழுதியதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பலருடையதில் இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட, இப்போதிருக்கும் அதே பதவிப் பெயர்தான் இருக்கும். இந்த அழைப்பு வந்ததே அதனால்தான் என்றும் இருக்கலாம்.